முதல் வரியை யார் எழுதுவது? பத்தாம் வகுப்புக் கணக்கும் பழைய வினாத்தாள்களும்: ஒரு நிகழ்வு ஆய்வு

மதுரை ஒத்தக்கடைப் பக்கத்தில் ஒரு வீட்டில் 2024-25 கல்வியாண்டில் நடந்தது இது. அம்மா, அப்பா, பையன் மூவரின் சம்மதத்தோடும் எழுதுகிறேன். பெயர்களையும் பள்ளியையும் தவிர்த்திருக்கிறேன். நான் ஓய்வு பெற்ற கணித ஆசிரியர். பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாம்களில் பல வருடம் உட்கார்ந்தவன். அந்தக் குடும்பம் எங்கள் தெருவில் இருப்பதால், அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு நடந்ததை அருகில் இருந்து பார்க்க முடிந்தது.

## பின்னணி

அம்மா பி.எஸ்சி. கணிதம் படித்தவர். கீழமாரட் வீதியில் ஒரு மொத்த வெங்காயக் கடையில் கணக்கு எழுதுகிறார். விடியக் காலையில் போய் மதியத்துக்கு மேல் திரும்புவார். அப்பா தனியார் பஸ்ஸில் நடத்துநர். பையன் அரசு உதவி பெறும் பள்ளியில் பத்தாம் வகுப்பு, தமிழ் வழி. டியூஷன் கிடையாது. வீட்டிலேயே கணக்குப் படித்த அம்மா இருக்கும்போது டியூஷன் எதற்கு என்று அப்பா சொல்லிவிட்டார்.

ஜூலையிலேயே அம்மா பழைய வினாத்தாள்களை ஜெராக்ஸ் எடுத்து வைத்துவிட்டார். தினமும் இரவு ஒரு மணி நேரம் இருவரும் உட்கார்ந்து போட்டார்கள். 2022, 2023 தாள்கள் முழுக்க முடிந்தன, 2024 தாளில் பாதி முடிந்தது. இரண்டு குயர் நோட்டு ஒன்று நிரம்பியிருந்தது. இத்தனைக்குப் பிறகும் காலாண்டில் 49, அரையாண்டில் 52.

ஜனவரி தொடக்கத்தில் நோட்டையும் அரையாண்டு விடைத்தாளையும் எடுத்துக்கொண்டு அம்மா வந்தார். "எல்லாக் கணக்கும் வீட்ல போடுறான் சார். அங்க போனா கை ஓட மாட்டேங்குது. பயமா, மறதியா, எனக்கே தெரியல" என்றார்.

## நோட்டிலும் விடைத்தாளிலும் கண்டது

நோட்டு மிகவும் சுத்தமாக இருந்தது. அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை. பக்கம் பக்கமாகச் சரியான விடைகள். பதினைந்து வயதுப் பையன் தானாக மோதிப் பார்த்த கணக்கு நோட்டு இப்படி இருக்காது. கூர்ந்து பார்த்தால் ஓரத்தில் பென்சிலில் வேறு கையெழுத்து தெரிந்தது. "d = 7", "இரண்டு முக்கோணம் வரை", "வர்க்கப்படுத்து" என்று ஒவ்வொரு ஐந்து மதிப்பெண் கணக்கின் அருகிலும் ஒரு சின்னக் குறிப்பு. அது அம்மாவின் கை.

விடைத்தாள் இதற்கு நேர் எதிராக இருந்தது. ஐந்து மதிப்பெண் பகுதியில் பத்து எழுத வேண்டும், அவன் எழுதியது ஆறு. மூன்று இடங்களில் "தீர்வு:" என்று எழுதி, அடியில் ஒரு சூத்திரத்தை மட்டும் போட்டுவிட்டு இடம் விட்டிருந்தான். எழுதிய ஆறில் கூட்டல் பெருக்கல் பிழை அதிகம் இல்லை.

அப்போதே பையனைக் கூப்பிட்டு, அவன் நோட்டில் சரியாகப் போட்டிருந்த கணக்கு ஒன்றைக் கொடுத்தேன். 300-க்கும் 600-க்கும் இடையே 7-ஆல் வகுபடும் இயல் எண்களின் கூடுதல் காண்க. நோட்டில் இதன் ஓரத்தில் "முதல் எண் 301, கடைசி எண் 595, d = 7" என்று பென்சிலில் இருந்தது. அதற்குக் கீழே அவன் 43 உறுப்புகள் என்று கண்டுபிடித்து, கூடுதல் 19264 என்று அழகாக முடித்திருந்தான்.

இப்போது ஓரக் குறிப்பு இல்லாத வெள்ளைத் தாளில் அதே கணக்கு. கூட்டுத்தொடர் சூத்திரத்தைப் பிழையில்லாமல் எழுதினான். அப்புறம் a = 300, l = 600 என்று போட்டான். 300 ஏழால் வகுபடுமா என்று அவன் பார்க்கவே இல்லை. n காணும்போது 300-ஐ 7-ஆல் வகுத்து, மீதி வந்ததும் பேனாவை வைத்துவிட்டு அம்மா முகத்தைப் பார்த்தான். அம்மாவின் உதடு அசைந்தது. "மூணு..." என்று தொடங்கி, நான் பார்ப்பதைக் கவனித்து நிறுத்திக்கொண்டார்.

அந்தக் கணக்கில் ஐந்து மதிப்பெண்ணுக்கு உண்மையான வேலை எது என்று பார்க்க வேண்டும். எல்லை எண்களான 300-ம் 600-ம் தொடரில் சேராது, அதற்குள் முதலாவதாக வகுபடும் எண்ணையும் கடைசியாக வகுபடும் எண்ணையும் நாம்தான் தேட வேண்டும் என்று புரிந்துகொள்வதுதான் அது. 300-ஐ ஏழால் வகுத்தால் மீதி 6, அதனால் அடுத்த எண் 301. 600-ஐ வகுத்தால் மீதி 5, அதனால் 595. இதை முடித்துவிட்டால் மிச்சம் இருப்பது பிரதியிட்டுக் கூட்டுவது. அந்த முதல் வேலையை ஆறு மாதமாக அம்மா செய்துகொண்டிருந்தார், மிச்சத்தை மகன் செய்துகொண்டிருந்தான். தேர்வு மண்டபத்தில் முதல் வேலைக்கு ஆள் இல்லை.

அம்மா சோம்பேறிப் பிள்ளைக்கு வேலை செய்து கொடுத்தார் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு விடையைக்கூட அவர் எழுதிக் கொடுக்கவில்லை. "க்ளூ மட்டும்தான் சார் கொடுத்தேன்" என்று அவர் சொன்னது முழு உண்மை. கணக்குத் தெரிந்த பெற்றோர் வீடுகளில் இது எளிதாக நடந்துவிடும், ஏனென்றால் அவர்களுக்குத் துளியாகத் தெரியும் குறிப்புதான் அந்தக் கணக்கின் பெரும்பகுதி.

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஏப்ரலில் பொதுத்தேர்வு. கையில் இருந்தது மூன்று மாதம். நாங்கள் பேசி முடிவெடுத்தவை இவை.

முதலில் தாள்களைப் பிரித்தோம். 2019 வரையிலான தாள்கள் பழைய பாடத்திட்டம். அதில் கடைசிப் பகுதி பத்து மதிப்பெண் கேள்விகளாக இருக்கும், இப்போது எட்டு மதிப்பெண். நேரக் கணக்கு அதில் பழகினால் கெட்டுவிடும் என்று எடுத்து வைத்தோம். 2020, 2021 இரண்டு வருடமும் கொரோனாவால் பொதுத்தேர்வு நடக்கவில்லை. 2022 தேர்வு குறைக்கப்பட்ட பாடத்திட்டத்தில் நடந்தது. ஆகவே முழுத் தாளாக எழுதிப் பார்க்கத் தகுந்தவை சொற்பம்தான், அதிலும் 2023 தாளையும் 2024-இல் பாதியையும் க்ளூவோடு போட்டுக் கரைத்தாகிவிட்டது. ஒரு தடவை பார்த்த தாளை மறுபடி எழுதினால் வரும் மதிப்பெண்ணை நம்ப முடியாது. மிச்சம் இருந்தவை துணைத்தேர்வுத் தாள்களும், வேறு மாவட்டங்களின் திருப்புதல் தேர்வுத் தாள்களும். அவற்றில் 2024 துணைத்தேர்வுத் தாளைக் கடைசிக்கு என்று ஒதுக்கி, பிரிக்காமல் உறையில் போட்டு என்னிடமே வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் முழுத் தாள். பொதுத்தேர்வில் நடப்பதுபோலவே 10 மணிக்குத் தாள் கையில், பத்து நிமிடம் படிக்க மட்டும், 10.15-க்கு எழுதத் தொடங்கி 1.15-க்கு முடிக்க வேண்டும். மூன்று மணி நேரத்தைப் பையனே பிரித்துக்கொண்டான். பதினான்கு ஒரு மதிப்பெண்ணுக்கு 15 நிமிடம், பத்து இரண்டு மதிப்பெண்ணுக்கு 40, பத்து ஐந்து மதிப்பெண்ணுக்கு 80, வடிவியல் வரைதலும் வரைபடமும் சேர்த்து 30, மிச்சம் 15 நிமிடம் சரிபார்க்க. வார நாட்களில் இரண்டே இரண்டு ஐந்து மதிப்பெண் கணக்கு. பள்ளியில் மாலைச் சிறப்பு வகுப்பு முடிந்து வருபவனுக்கு அதற்கு மேல் தாங்காது.

மூன்றாவது, அம்மாவின் வேலை. எழுதும்போது அவர் அந்த அறையில் இருக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். அருகில் இருந்தால் பையன் முகத்தைப் பார்ப்பான், முகமே விடை சொல்லிவிடும். நேரம் பார்த்துக் குரல் கொடுப்பது, தாளை வாங்கி வைப்பது, திருத்தியதைச் சரிபார்ப்பது, இவ்வளவுதான் அவருக்கு. பையன் எங்கேயாவது நின்றுவிட்டால், தேர்வு முடிந்தபிறகு, பாடநூலில் எந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லலாம். படியைச் சொல்லக் கூடாது. இதைக் கேட்டதும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "தெரிஞ்சும் சொல்லாம இருக்கணுமா சார்?" என்றார். ஆமாம் என்றேன். அது அவருக்குச் சின்ன விஷயம் இல்லை.

நான்காவது, திருத்துவது பையனின் பொறுப்பு. திருத்தும் முகாமுக்குத் தரும் விடைக்குறிப்பு ஆசிரியர்கள் வழியாகப் பரவலாகக் கிடைக்கிறது. அதில் ஒவ்வொரு படிக்கும் மதிப்பெண் பிரித்திருக்கும். அதை வைத்துப் பச்சை மையில் அவனே போட வேண்டும். இழந்த ஒவ்வொரு மதிப்பெண்ணையும் மூன்றில் ஒன்றாக எழுத வேண்டும்: "தொடங்கவே தெரியல", "தப்பான வழியில போயிட்டேன்", "கணக்குல வழுக்கிட்டேன்". மொத்த மதிப்பெண்ணைவிட இந்த மூன்று எண்களைத்தான் நாங்கள் பார்க்கப் போகிறோம் என்று மூவரிடமும் சொன்னேன்.

## நடந்தது

முதல் ஞாயிறு 44 வந்தது. அரையாண்டைவிட எட்டு குறைவு. இழந்த 56-இல் தொடங்கவே தெரியாதவை 31, தப்பான வழி 14, வழுக்கியது 11. வீட்டில் அன்று நிம்மதி போய்விட்டது. "நீ படிச்ச படிப்புக்குப் பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்காம பூட்டி வச்சிக்கிட்டா என்ன அர்த்தம்?" என்று அப்பா சத்தம் போட்டார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது மதிப்பெண் இறங்கினால் எந்த அப்பாவுக்கும் வயிறு கலங்கும். அவரிடம் 31-ஐக் காட்டினேன். இந்த 31-தான் இத்தனை நாள் நோட்டில் மறைந்திருந்தது, இப்போதுதான் வெளியே வந்திருக்கிறது என்று விளக்கினேன். அரை மனதோடு ஒப்புக்கொண்டார்.

அதற்கு அடுத்த வாரங்களில் நோட்டு அழுக்காகத் தொடங்கியது. ஏழால் வகுபடும் கணக்கைப் போன்ற இன்னொன்று வந்தபோது, ஓரத்தில் வாய்ப்பாட்டைக் கொஞ்சம் எழுதி, இரண்டு எண்களை அடித்து, மூன்றாவதாகச் சரியான முதல் உறுப்பைப் பிடித்திருந்தான். எனக்கு அந்தப் பக்கம் மிகவும் பிடித்தது. அந்தக் கணக்குக்கு அவன் பதினெட்டு நிமிடம் எடுத்துக்கொண்டான், எட்டு நிமிடத்தில் முடிய வேண்டியது. பரவாயில்லை என்று விட்டோம். வழி கண்டுபிடிக்கப் பழகினால் நேரம் தானாகக் குறையும், நேரத்துக்காக வழியைச் சொல்லிக் கொடுத்தால் பழைய இடத்துக்கே போய்விடுவோம்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு திடீரென்று 81 வந்தது. அம்மாவுக்குச் சந்தோஷம். எனக்குச் சந்தேகம். விடைத்தாளை வாங்கிப் பார்த்தேன். வடிவியல் வரைதலில் உதவிப்படம் இல்லை, ஆனால் அளவுகள் எல்லாம் சரி. கவராயத்தால் வெட்டிய வில்கள் சில இடங்களில் கோட்டைத் தொடவே இல்லை, கோடு மட்டும் சரியான இடத்தில் போயிருந்தது. ஒரு முக்கோணவியல் முற்றொருமையை அவன் பள்ளியில் கற்காத மாற்று வழியில் நிரூபித்திருந்தான், விடைக்குறிப்பில் இருந்த அதே வழி. அடித்தல் ஒன்றுகூட இல்லை. விடைக்குறிப்பு வீட்டு அலமாரியில் தாளோடு சேர்ந்தே இருந்தது.

அவனைத் திட்டவில்லை. 44 வந்த அன்று வீட்டில் கேட்ட சத்தம் அவனுக்கு நினைவிருந்திருக்கும். அம்மா தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, எனக்கு உன் மார்க் வேண்டாம்டா. எங்க நிக்கிறேன்னு மட்டும் காட்டு" என்றாராம். அவன் ஒப்புக்கொண்டான். அன்றிலிருந்து விடைக்குறிப்பு அப்பாவின் பையில் பஸ்ஸில் போய்வந்தது. 1.15-க்கு மேல்தான் வீட்டுக்கு வரும். அப்பாவும் இந்த வேலையில் சேர்ந்தது இப்படித்தான். அதற்குப்பின் வீட்டில் சண்டை குறைந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

பிழைக் கணக்கு நோட்டில் ஒன்று மட்டும் அசையவே இல்லை. உயரமும் தூரமும் கணக்குகளில் இறக்கக்கோணம் வரும்போதெல்லாம் தவறு. அம்மா பக்கத்தைச் சொன்னார், அவன் படித்தான், அடுத்த தாளில் மறுபடி அதே தவறு. படத்தைப் பார்த்தால் காரணம் தெரிந்தது. கோபுர உச்சியிலிருந்து கிடைமட்டக் கோட்டை வரையாமல், கோபுரத்துக்கும் பார்வைக் கோட்டுக்கும் இடையில் கோணத்தைக் குறித்திருந்தான். படம் தவறினால் tan சரியாகப் போட்டும் பயன் இல்லை. இது பழைய தாளால் தீராத பிழை. கருத்தே தவறாகப் பதிந்திருந்தால் இன்னும் பத்துத் தாள் எழுதினாலும் அதே தவறைப் பத்து முறை செய்வான்.

பிழை நோட்டோடு பள்ளிக் கணித ஆசிரியையிடம் போகச் சொன்னோம். அவர் பையனை மாடி வராந்தாவுக்குக் கூட்டிப்போய், ஒரு அளவுகோலைக் கண் மட்டத்தில் நேராகப் பிடிக்கவைத்து, கீழே சைக்கிள் நிறுத்தத்தைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அளவுகோலிலிருந்து பார்வை எவ்வளவு இறங்குகிறதோ அதுதான் இறக்கக்கோணம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை என்றான். அதற்குப் பிறகு வந்த தாள்களில் முதலில் கிடைமட்டக் கோட்டைத்தான் வரைந்தான்.

பழைய தாள்கள் நேரடியாகவே பலன் கொடுத்த இடம் கடைசிப் பகுதி. வடிவியல் வரைதலுக்கு 8, வரைபடத்துக்கு 8, இரண்டிலும் ஒன்றுக்கு ஒன்று மாற்றுக் கேள்வி உண்டு. இங்கே கேள்வி வகைகள் குறைவு. வடிவொத்த முக்கோணம், அடிப்பக்கமும் உச்சிக்கோணமும் கொடுத்து முக்கோணம், வட்டத்துக்குத் தொடுகோடு, இப்படிச் சில வகைகளே அளவு மாறி மாறி வரும். எந்த வகை எந்தத் தாளில் வந்தது என்று அட்டவணை போட்டுத் தர அம்மா ஆசைப்பட்டார். அதையும் அவனிடமே விடச் சொன்னேன். போட்டு முடித்தபோது, தொடுகோட்டை மட்டும் நம்பித் தயாரித்தது ஆபத்து என்று அவனுக்கே தெரிந்தது. அம்மா போட்டுக் கொடுத்திருந்தால் அது இன்னொரு குறிப்பாகத்தான் இருந்திருக்கும்.

## விளைவு

முதல் திருப்புதல் தேர்வில் 50, இரண்டாவதில் 61. மார்ச் கடைசியில் உறையைப் பிரித்துக் கொடுத்த 2024 துணைத்தேர்வுத் தாளில் 70. அதில் இழந்த 30-இல் தொடங்கத் தெரியாதவை 9, தப்பான வழி 8, வழுக்கியது 13. வழுக்கல் முன்பைவிடக் கூடியிருப்பதைப் பார்த்து அம்மா கவலைப்பட்டார். எழுதிய கணக்குகள் கூடினால் அதற்கேற்ப வழுக்கலும் கொஞ்சம் கூடும். முன்பு தொடாமல் விட்ட கணக்கில் வழுக்கவே வாய்ப்பில்லை. மிச்சம் வைத்த 15 நிமிடத்தை அதற்குத்தான் பயன்படுத்த வேண்டும் என்று அவனிடம் சொன்னோம்.

ஏப்ரலில் பொதுத்தேர்வு எழுதினான். கணக்கில் 74. பள்ளியில் அவனைவிடக் கூடுதலாக வாங்கியவர்கள் நிறையப் பேர். ஆனால் அந்த 74-இல் ஒவ்வொரு கணக்கின் முதல் வரியும் அவன் எழுதியது. தேர்வு முடிந்து வந்தவன் ஒரு கட்டாயக் கேள்வியைப் பற்றிச் சொன்னான். முதலில் எதுவும் புரியவில்லையாம், என்ன கொடுத்திருக்கிறார்கள் என்று ஓரத்தில் எழுதிப் பார்த்ததும் வழி கிடைத்ததாம்.

## மறுபடி செய்தால் மாற்ற வேண்டியவை

இந்த முறையைக் காலாண்டுத் தேர்வு முடிந்ததும் தொடங்கியிருக்க வேண்டும். ஜனவரியில் மதிப்பெண் இறங்கியது வீட்டைக் கலக்கியதற்குக் காரணம் தேர்வு நெருங்கியிருந்தது. அக்டோபரில் இறங்கியிருந்தால் பொறுத்திருப்பார்கள்.

முழுப் பாடத்திட்டத்தில் நடந்த தாள்கள் குறைவாக இருப்பதால், எந்தத் தாளை எப்போது பிரிப்பது என்று வருடத் தொடக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும். பாடம் நடத்தி முடிக்காத மாதங்களில் முழுத் தாளைத் தொடவே கூடாது. பாடநூல் பயிற்சிக் கணக்குகளே அதற்குப் போதும். விடைக்குறிப்பு முதல் நாளிலிருந்தே வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும்.

ஒரே பிழை இரண்டு தாள்களில் வந்தால் உடனே பள்ளி ஆசிரியரிடம் போக வேண்டும். இங்கே இறக்கக்கோணத்துக்காக நாங்கள் வீணாக மூன்று தாள்கள் காத்திருந்தோம். வீட்டில் கணக்குத் தெரிந்தவர் இருப்பதாலேயே ஆசிரியரிடம் கேட்கும் பழக்கம் அந்தப் பையனுக்கு வரவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வாராவாரம் வரும் மதிப்பெண்ணை அம்மா நாட்காட்டியில் எழுதி வந்தார். அதை விட்டுவிடலாம். ஒரு மாவட்டத் தாள் கடினம், இன்னொன்று எளிது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பையன் ஏறினானா இறங்கினானா என்று தெரியாது. "தொடங்கவே தெரியல" என்ற எண்ணை மட்டும் எழுதி வைத்தாலே போதும். அம்மா இப்போது அதைத்தான் செய்யப் போவதாகச் சொல்கிறார், எட்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு.